நிறுவுநரிடம் வடிவமைப்பு வேலை கேட்பது எப்படி: ஒரு திரை மாதிரியும் ஒரு சிறிய கட்டணச் சோதனையும்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புதிதாக நிறுவனம் தொடங்குகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களில் பலரிடம் வடிவமைப்பாளர் இல்லை. வேலை தேடும் இளைஞர்கள் தங்களுடைய பழைய லோகோக்களையும் திருமண அழைப்பிதழ்களையும் ஒரே கோப்பாக்கி அனுப்புகிறார்கள். பதில் வருவதில்லை. அந்தக் கோப்பில் நிறுவுநரின் பிரச்சினை எதுவும் இல்லை என்பதே காரணம்.

எனக்குப் பலன் தந்த வழி வேறு. அவருடைய பொருளிலேயே ஒரு குறையைக் கண்டுபிடித்து, அதைச் சரிசெய்த ஒரே ஒரு திரையை மாதிரியாக அனுப்ப வேண்டும். அதன் பிறகு ஒரு சிறிய வேலையைக் கட்டணத்துக்குச் செய்து காட்டுவதாகக் கேட்க வேண்டும். சம்மாந்துறைப் பக்கம் வேளாண்மை வெட்டும் மெஷின்களைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்ய உதவும் ஒரு தொடக்க நிறுவனத்துக்கு இப்படித்தான் வேலை செய்தேன். அதையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதுகிறேன். ஃபிக்மாவில் திரை வரையத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: வாடிக்கையாளராக இருந்து பாருங்கள்

செயலியை நிறுவி, ஒரு விவசாயி செய்வதைப் போலக் கடைசிப் பொத்தான் வரை போங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் மக்கள் கேட்டிருப்பவற்றை வாசியுங்கள். வடிவமைப்பின் குறைகள் அங்கே வெளிப்படையாகவே கிடக்கும்.

இந்தச் செயலியின் படிவம் பெயர், தொலைபேசி எண், முகவரி, திகதி, ஏக்கர் என்று ஐந்து விடயங்களைக் கேட்டது. முகவரி என்ற இடத்தில் விவசாயி தன் வீட்டு முகவரியை எழுதுகிறார். மெஷின் போக வேண்டியதோ வயலுக்கு. நம் பக்கத்தில் வயலுக்கு வீதி இலக்கம் கிடையாது. எந்தக் கண்டம், எந்த வட்டை என்று வயல்வெளியின் பெயரால்தான் இடம் சொல்வோம். முகநூலிலும் நிறுவனம் திரும்பத் திரும்ப “வயல் எந்தக் கண்டம்?” என்று விவசாயிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தது. பிரச்சினை கிடைத்துவிட்டது.

இன்னும் இரண்டு குறைகளும் தெரிந்தன. ஒரு திகதியைக் கட்டாயம் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. ஆனால் கதிர் முற்றுவதையும் மழையையும் பார்த்து ‘இந்தக் கிழமைக்குள்’ என்றுதான் விவசாயியால் சொல்ல முடியும். வயலில் ஈரம் இருக்கிறதா என்ற கேள்வியும் இல்லை. சேற்று வயலுக்குச் சில்லு மெஷினை அனுப்பினால் அது புதைந்துவிடும். சங்கிலி மெஷின்தான் வேண்டும்.

படி 2: ஒரு குறையை மட்டும் மாதிரியாக்குங்கள்

மூன்றையும் சரிசெய்து அனுப்பக் கை துறுதுறுக்கும். வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தே முழுமையாகத் தீர்க்கக்கூடிய ஒன்றை மாதிரிக்கு எடுங்கள். நிறுவனத்தின் உள்ளே இருக்கும் தகவல் இல்லாமல் தீர்க்க முடியாததைக் கட்டணச் சோதனைக்கு விடுங்கள். இந்த முறை முழுவதும் இந்தப் பிரிப்பில்தான் நிற்கிறது.

முகவரிப் பிரச்சினை முதல் வகை. ‘முகவரி’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, “வயல் எங்கே இருக்கிறது?” என்ற கேள்வியை வைத்தேன். அதன் கீழ் முதலில் ஊர், பிறகு கண்டம், பிறகு வாய்க்கால் அல்லது மதகு போன்ற ஓர் அடையாளம். அவ்வளவுதான் மாதிரி. திகதியும் ஈரமும் இரண்டாம் வகை. எத்தனை மெஷின்கள் இருக்கின்றன, ஓட்டுநர்களுக்கு வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது என்று தெரியாமல் அவற்றை வரைந்தால் அது வெறும் ஊகம்.

கருவிகளைப் பற்றி என் கருத்து உறுதியானது. இந்த வேலைக்கு கான்வா வேண்டாம். அதில் அழகான படம் வரும், ஆனால் நிரலாளர் கையில் எடுத்து வேலை செய்யக்கூடிய திரை வராது. ஃபிக்மா போதும், இலவசமாகவும் திறந்த மூலமாகவும் வேண்டுமென்றால் பென்பாட் இருக்கிறது. சட்டகத்தை 360 × 800 அளவில் வையுங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளின் அளவுக்கு அது நெருக்கமானது. வரைந்ததைப் படமாக்கி, அப்படிப்பட்ட ஒரு கைத்தொலைபேசியில் வெயிலில் நின்று வாசித்துப் பாருங்கள்.

தமிழ் எழுத்துரு விடயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இங்கே அச்சகங்களில் பழகியவர்கள் பாமினியில் தட்டச்சு செய்வார்கள். பாமினி யூனிகோட் அல்ல. திரையில் ‘அம்மா’ என்று தெரிவதன் உள்ளே உண்மையில் `mk;kh` என்றுதான் இருக்கும். நிரலாளர் அதைப் பிரதி எடுத்துச் செயலியில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பைதான் வரும், தேடலும் வேலை செய்யாது. ஆகவே யூனிகோட்டில் தட்டச்சு செய்து, `Noto Sans Tamil` போன்ற எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். இல்லாவிட்டால் ‘கூ’, ‘ழு’ போன்றவற்றின் கீழ்ப்பகுதி அடுத்த வரி எழுத்துகளின் மேற்பகுதியோடு மோதும். ஆங்கிலச் சொல்லுக்காக வரைந்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காமல் வெட்டுப்படுவதும் வழக்கம். பொத்தானின் அகலத்தைச் சொல்லோடு விரியும்படி அமையுங்கள்.

படி 3: செய்தியை அனுப்புங்கள்

காலம் முக்கியம். பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் உச்சத்தில் இருக்கும்போது இந்த நிறுவுநருக்கு மூச்சுவிட நேரம் இராது. அதற்கு முன்பே, திருத்தம் செய்ய இடம் இருக்கும் காலத்தில் எழுதுங்கள். பழைய திரையையும் புதிய திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். நான் எழுதியது ஏறக்குறைய இது:

> வணக்கம். நான் மட்டக்களப்பில் இருந்து வேலை செய்யும் வடிவமைப்பாளர். உங்கள் செயலியில் மெஷின் பதிவு செய்து பார்த்தேன். முகவரி கேட்கும் இடத்தில் விவசாயிகள் வீட்டு முகவரியைக் கொடுப்பதால், வயலைக் கண்டுபிடிக்க நீங்கள் மறுபடி தொலைபேசி எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஊர், கண்டம், அடையாளம் என்று கேட்கும் திரை ஒன்றை வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். பயன்பட்டால் நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். திகதியும் வயல் ஈரமும் கேட்கும் பகுதியை உங்களோடு பேசித்தான் வடிவமைக்க முடியும். அதைச் சிறிய கட்டண வேலையாகச் செய்து தர விரும்புகிறேன். பத்து நிமிடம் பேசலாமா?

‘அப்படியே எடுத்துக்கொள்ளலாம்’ என்பதை மனமார எழுதுங்கள். ஒரு திரையை அவர் இலவசமாகப் பயன்படுத்தினாலும் உங்களுக்குப் பெரிய இழப்பில்லை. அடுத்த வேலைக்கு அவர் உங்களிடம்தான் வர வேண்டும். ஆனால் படத்தை மட்டும் கொடுங்கள். ஃபிக்மா கோப்பு சோதனை வேலையோடு போகட்டும்.

அவர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, கண்டங்களின் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்பதுதான். வடிவமைப்பைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. தன் தொழிலைப் புரிந்துகொண்ட ஒருவர் என்பதை மாதிரியே சொல்லிவிட்டிருந்தது.

படி 4: கட்டணச் சோதனையின் எல்லையை எழுதுங்கள்

எனக்கு அதிகம் யோசனை தேவைப்பட்ட படி இது. ‘சின்ன வேலை’ என்று வாயால் சொன்னால் உங்களுக்கு மூன்று திரை, அவருக்கு முழுச் செயலி. எனவே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இந்த வேலைக்கு எழுதியது இப்படி:

வேலை: இடம், காலம், உறுதிப்படுத்தல் என்ற மூன்று திரைகள், தமிழில், தொட்டுப் பார்க்கக்கூடிய மாதிரி வடிவில். கால அளவு: ஐந்து வேலை நாட்கள். திருத்தம்: ஒரு சுற்று. நிறுவுநர் தர வேண்டியது: கண்டங்களின் பட்டியலும் ஓர் ஓட்டுநரோடு அரை மணி நேரப் பேச்சும். கட்டணம்: 18,000 ரூபாய், 9,000 முற்பணம், மீதி கோப்பைக் கொடுக்கும்போது.

விலையை இப்படிக் கணக்கிட்டேன். பேசுவதற்கு இரண்டு மணி, வரைவதற்கு ஆறு, விவசாயிகளிடம் காட்டிப் பார்க்க இரண்டு, திருத்தத்துக்கு இரண்டு. ஆக 12 மணி நேரம், மணிக்கு 1,500 ரூபாய். உங்கள் மணி விலை வேறாக இருக்கலாம். சோதனை என்பதற்காக அதைக் குறைக்காதீர்கள். வேலையின் அளவைக் குறையுங்கள். சோதனையில் 500 ரூபாய் என்று கொடுத்துவிட்டு அடுத்த மாதம் 1,500 கேட்டால், விலையை மும்மடங்காக்கியதாகவே அவருக்குத் தோன்றும்.

இன்னொரு வரியும் அந்தப் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்: வேலை சரியாக முடிந்ததா என்று எப்படி அறிவது? ‘அழகாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் திருத்தம் முடியவே முடியாது. நாங்கள் ஒத்துக்கொண்டது இது: உறுதிப்படுத்தல் திரையை மட்டும் பார்த்து, யாருக்கும் அழைப்பு எடுக்காமல், எந்த வயலுக்கு எந்த மெஷினோடு போக வேண்டும் என்று ஓட்டுநர் சொல்ல வேண்டும்.

படி 5: சோதித்துக் கொடுங்கள்

கமநல சேவை நிலையத்துக்கு வரும் விவசாயிகளிடம் அனுமதி கேட்டு, தங்கள் வயலுக்கே பதிவு செய்து பார்க்கச் சொன்னேன். நீங்கள் விளக்கம் சொல்லக் கூடாது. விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘திகதி’ இருந்த இடத்தில் ‘இந்தக் கிழமை, அடுத்த கிழமை, அதற்குப் பிறகு’ என்று மூன்று தெரிவுகள் வைத்ததை உடனே புரிந்துகொண்டார்கள். ‘வயலின் ஈரப்பதம்’ என்ற தலைப்பில் தயங்கினார்கள். “வயலில் கால் புதைகிறதா?” என்று மாற்றியதும் தயக்கம் நின்றது. இந்தக் குறிப்புகளை ஃபிக்மா கோப்போடு அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த வேலையின் பேச்சு அந்த அரைப் பக்கத்திலிருந்துதான் தொடங்கும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

“முதலில் செய்து தாருங்கள், பிடித்தால் காசு தருகிறேன்” என்று நிறுவுநர் சொன்னால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இலவச மாதிரி கொடுத்தீர்கள். அதைச் சொல்லி, வேலையை ஒரு திரையாகச் சுருக்கி 6,000 ரூபாய்க்குக் கேளுங்கள். அதற்கும் முற்பணம் தராதவரிடம் பெரிய வேலையும் எடுக்க வேண்டாம்.

காத்தான்குடி வாசகர் ஒருவர், சோதனையின் நடுவே நிறுவுநர் லோகோவையும் மாற்றச் சொன்னதாக எழுதியிருந்தார். மறுக்கவும் வேண்டாம், சேர்த்துச் செய்யவும் வேண்டாம். “இது முடிந்ததும் அதற்குத் தனி விலை தருகிறேன்” என்று அன்றே எழுத்தில் பதில் போடுங்கள்.

முற்பணம் வங்கிக் கணக்குக்கு வந்ததும் பற்றுச்சீட்டு ஒன்றைப் படமாகவாவது அனுப்பிவிடுங்கள். அதில் திரைகளின் எண்ணிக்கையும் திருத்தச் சுற்றும் மறுபடி எழுதப்பட்டிருக்கட்டும். பின்னால் கருத்து வேறுபாடு வந்தால் இருவரும் தேடி எடுப்பது அந்தத் தாளைத்தான்.