கடைக்குப் பெயர் வைக்கும் முன் பத்துப் பேருக்கு போன் போடுங்கள்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா மசாலாப் பொடியும் ஊறுகாயும் வீட்டிலேயே செய்து விற்கிறார். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பொள்ளாச்சிப் பக்கத்துத் தமிழர்கள், பாதிப் பேர் பாலக்காட்டு மலையாளிகள். பெயர் என்ன என்று கேட்டதற்கு யோசிக்காமல் "பாட்டி மசாலா" என்றார். தமிழில் குறையே சொல்ல முடியாத பெயர்.

லேபிள் அடிக்க அச்சகத்துக்குப் போனோம். கம்ப்யூட்டரில் இருந்த பையன் Patti Masala என்று தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "சேச்சி, இது பட்டி மசாலயாணோ?" மலையாளத்தில் பட்டி என்றால் நாய். அக்கா லேபிளை அடிக்காமலேயே வீடு திரும்பினார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் உட்கார்ந்து பெயரை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதுதான் கீழே இருக்கிறது.

1. முதலில் தமிழில் எழுதுங்கள், எழுத்துகளைப் பாருங்கள்

நாலைந்து பெயர்கள் போதும். ஒவ்வொன்றிலும் சிக்கலான எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய சிக்கல் நெடில்தான். ஆ என்பதை ஒருவர் a என்று அடிப்பார், இன்னொருவர் aa என்று அடிப்பார். பாட்டி பட்டியானது இப்படித்தான். Paatti என்று அச்சடித்தால் தப்பிக்கலாமே என்று தோன்றும். ஆனால் காதால் மட்டும் கேட்டவர் அப்படி அடிக்க மாட்டார், தேடும்போது வேறு எங்கோ போய் நிற்பார்.

அடுத்தது வல்லின எழுத்துகள். தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் ஒலி மாறுவதால் கதிர் என்ற சின்னப் பெயரே Kathir, Kadhir, Kadir என்று மூன்றாகப் பிரியும். ம, ய, ல, வ போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

ழ பற்றி ஒரு வார்த்தை. கேரளப் பக்கம் zh பழகிய எழுத்து, கோழிக்கோட்டையே Kozhikode என்றுதான் எழுதுகிறார்கள். ஆந்திர எல்லையில், நகரி, புத்தூர்ப் பக்கம் கடை போடுகிறவர்கள் ழ வரும் பெயரை விட்டுவிடுவது நல்லது. இன்றைய தெலுங்கில் அந்த ஒலியே கிடையாது. அங்கே த-வும் பிரச்சினைதான். நாம் Thirupathi என்று எழுதுவதை அவர்கள் Tirupati என்று எழுதுகிறார்கள்.

எங்கள் பட்டியலில் கைமணம், தாழை, மல்லி, முறம் என்று நான்கு பெயர்கள் நின்றன.

2. போனில் சொல்லி, டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இது. பத்துப் பேரைப் பிடியுங்கள், எங்கள் ஊர் மாதிரி இடமென்றால் ஐந்து தமிழர், ஐந்து மலையாளி. பெயரை எழுதி அனுப்பக் கூடாது. போனில் ஒரே ஒரு முறை சொல்லி, "இதை இங்கிலீஷ்ல டைப் பண்ணி அனுப்புங்க" என்று மட்டும் கேளுங்கள். எதற்கு என்று சொல்ல வேண்டாம். சொன்னால் கவனமாக யோசித்து அடிப்பார்கள், கடைக்கு வருகிற ஆள் அப்படி யோசிக்க மாட்டார்.

தாழை என்று கேட்டவர்களிடமிருந்து Thazhai, Thaazhai, Thalai என்று வந்தது. Thalai என்பதைத் திருப்பிப் படித்தால் தலை. மலையாளிகளில் இரண்டு பேர் Thazhe என்று அனுப்பினார்கள், அவர்கள் மொழியில் அதற்குக் 'கீழே' என்று பொருள். ஒருவர் "தாழெ என்ன இருக்கு?" என்றே திருப்பிக் கேட்டார்! தாழை அத்தோடு போனது.

கைமணம் ஓரளவு தேறியது, இரண்டு பேர்தான் Kymanam என்று மாற்றி அடித்தார்கள். ஆனால் Kaimanam என்று தேடினால் திருவனந்தபுரத்தில் அந்தப் பெயரில் இருக்கும் ஓர் இடம்தான் வந்து நிற்கிறது. மல்லிக்குப் பத்துப் பேரும் Malli என்றே அனுப்பினார்கள். முறத்துக்கு எட்டுப் பேர் Muram, ஒருவர் Moram, ஒருவர் Murram. பத்தில் ஏழு பேர் ஒரே மாதிரி அடித்தால் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. ஐந்துக்குக் கீழே போனால் எவ்வளவு ஆசைப்பட்ட பெயராக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

3. இப்போது தலைகீழாக

ஆங்கில எழுத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி, போனில் பேசாத வேறு சிலரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததும் இரண்டாவது கேள்வி: "இதைக் கேட்டா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?" பாட்டிக்கு இதை முன்பே செய்திருந்தால் அச்சகத்தில் முழித்திருக்க வேண்டியதில்லை. முறம் இங்கே நன்றாகத் தேறியது. மலையாளத்திலும் அது முறம்தான், புடைக்கிற அதே முறம்.

இரண்டு நாள் கழித்து அதே ஆட்களை வழியில் பார்த்தால், "அன்னைக்கு ஒரு பேர் காட்டினேனே, என்னது?" என்று கேளுங்கள். கையால் புடைத்துக் காட்டியபடியே முறம் என்றார் ஒரு பெரியவர்.

4. பதிவாகுமா என்று பாருங்கள்

மல்லிதான் அக்காவுக்குப் பிடித்தது. அதைத் தடுத்தது டிரேட் மார்க் சட்டம். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, பொருளின் வகையையோ குணத்தையோ ஊரையோ மட்டும் சொல்லும் பெயரைப் பதிவு செய்வது கடினம். மசாலாப் பொடிக்கு மல்லி என்று வைத்தால் அது பொருளின் பெயர்தானே? மல்லி விற்கிற யாரும் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம். அதே மல்லி ஒரு தையல் கடைக்கு என்றால் இந்தத் தடை வராது. முறம் சமையலை நினைவூட்டும், ஆனால் அதுவே மசாலா இல்லை.

ipindia.gov.in தளத்தில் பதிவான பெயர்களைக் காசு கட்டாமல் தேடலாம். அங்கே Wordmark என்பதோடு நின்றுவிடாமல் Phonetic என்பதிலும் தேடுங்கள். எழுத்து வேறாக இருந்தாலும் காதுக்கு ஒரே மாதிரி இருக்கும் பெயர்கள் அதில் அகப்படும். பொருளின் வகுப்பு எண்ணையும் கேட்கும்: மசாலாவுக்கு 30, ஊறுகாய்க்கு 29. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். இரண்டு வகுப்பு என்றால் இரட்டிப்பு, அதனால் அதிகம் விற்பது எதுவோ அதற்கு முதலில் போடுங்கள்.

5. இணைய முகவரியைச் சேர்த்து எழுதிப் பாருங்கள்

தனியாக நின்றால் சரியாக இருக்கும் பெயர் இன்னொரு சொல்லோடு ஒட்டும்போது கெட்டுப்போகும். முகவரியில் இடைவெளி விட முடியாது. Muram, Masala இரண்டையும் சேர்த்தால்:

```
murammasala
```

நடுவில் இரண்டு m. பழைய பத்துப் பேரில் நான்கு பேரிடம் இதை அடிக்கச் சொன்னேன். மூன்று பேர் ஒரு m-ஐ விழுங்கி muramasala என்று அனுப்பினார்கள். அதனால் பின்னால் சேர்க்கும் சொல்லை மாற்றினோம்:

```
muramfoods
```

இதை நான்கு பேரும் சரியாக அடித்தார்கள். அக்கா மறுநாளே அதே அச்சகத்துக்குப் போய், பையனிடம் தாளை நீட்டி, "இப்பப் படி தம்பி" என்றார்.