இழுப்பறையில் கிடக்கும் பெயரில்லாத மாத்திரை எது? பொறிப்பெழுத்தை வைத்துத் தேடும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் வீடுகளில், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா சென்று திரும்பிய பெற்றோர் பலர் உண்டு. திரும்பும்போது அங்கே வாங்கிய மாத்திரைகளும் பெட்டியில் வந்துவிடும். நம் ஊரில் மாத்திரை அட்டையில் வருகிறது. அங்கே பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் குப்பியில் உதிரியாகப் போட்டுத் தருகிறார்கள். குப்பியைத் தூக்கியெறிந்த பிறகு இழுப்பறையின் மூலையில் நான்கைந்து வெள்ளை மாத்திரைகள் மட்டும் மிஞ்சும். அவை எவை என்று கண்டறியும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரையை யாராவது, குறிப்பாகக் குழந்தை, ஏற்கெனவே விழுங்கியிருந்தால் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, மீதமுள்ள மாத்திரைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளில் ஒன்றே ஒன்றுகூடச் சிறு குழந்தையின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

முதற்படி: எழுத்தைச் சரியாகப் படிப்பது

தேடல் தவறிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மாத்திரையைக் கழுவ வேண்டாம். மேற்பூச்சு கரைந்து, பொறித்த எழுத்தும் மழுங்கிவிடும். உலர்ந்த விரலால் எடுத்து, கறுப்புத் துணியிலோ கருநிறத் தாளிலோ வையுங்கள். விளக்கு நேர் மேலே இருந்தால் குழிவாகப் பதித்த எழுத்து தெரியாது. அறையை இருட்டாக்கி, கைபேசியின் டார்ச் ஒளியை மாத்திரையின் பக்கவாட்டிலிருந்து, மேசையோடு படியும்படி தாழ்வாகக் காட்டினால், குழிக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். அந்த ஒளியில் இரு பக்கங்களையும் படமெடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள்.

படித்ததை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே எழுதிவையுங்கள். நடுவில் ஓடும் கோடு, மாத்திரையைப் பாதியாக உடைப்பதற்கான கோடாக இருக்கலாம். அதை 1 என்றோ I என்றோ எண்ணிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. 6-ம் 9-ம் தலைகீழாகத் திருப்பினால் ஒன்று மற்றொன்றாகும். O-வும் 0-வும் மயக்கம் தரும். ஐயம் இருந்தால் இரண்டு வாசிப்புகளையும் எழுதிவைத்து, இரண்டையும் தேடிப் பாருங்கள்.

எண் எப்போதும் மில்லிகிராம் அல்ல

ஒரு வீட்டின் இழுப்பறையில் வெள்ளை மாத்திரைகள் இரண்டு வகையாகக் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வட்டம், ஒரு பக்கத்தில் A, மறுபக்கத்தில் 12. மற்றொன்று நீளவாட்டில், முனைகள் உருண்டு, கேப்ஸ்யூல் போன்ற வடிவம், அதில் L484. அந்த வீட்டுப் பெரியவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்பதால், 12 என்பதை 12 மில்லிகிராம் என்றும், அது பிரஷர் மாத்திரையாகத்தான் இருக்கும் என்றும் வீட்டார் ஊகிக்கிறார்கள். அந்த ஊகம் தவறு. A, 12 என்று பொறித்த வெள்ளை வட்ட மாத்திரை, அரபிந்தோ நிறுவனத்தின் 500 மில்லிகிராம் மெட்ஃபார்மின். அது சர்க்கரை நோய்க்கான மருந்து. இங்கே 12 என்பது நிறுவனம் தன் பொருளுக்கு இட்ட வரிசைக் குறி மட்டுமே. L484-இலும் 484-க்கு மருந்தின் அளவோடு தொடர்பில்லை. அது 500 மில்லிகிராம் அசிட்டமினோஃபென், அதாவது நாம் பாரசிட்டமால் என்று வாங்குவது.

ஆனால் எண் அளவையே குறிக்கும் மாத்திரைகளும் உண்டு. ஒரு பக்கம் LUPIN, மறுபக்கம் 10 என்றிருக்கும் இளஞ்சிவப்பு வட்ட மாத்திரை 10 மில்லிகிராம் லிசினோப்ரில். அதுதான் இரத்த அழுத்தத்துக்கானது. எந்த எண் குறி, எந்த எண் அளவு என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஆகவே எண்ணுக்கு நாமாகப் பொருள் கொள்ளாமல், எழுத்தையும் எண்ணையும் சேர்த்து ஒரே குறியாக எண்ணித் தேட வேண்டும்.

வடிவம், நிறம், அளவு

அமெரிக்க விதிமுறை கேட்பது என்னவென்றால், பொறித்த குறியும் மாத்திரையின் அளவு, வடிவம், நிறம் ஆகியவையும் சேர்ந்து, அது எந்த மருந்து, யாருடையது என்பதைத் தனித்துக் காட்ட வேண்டும் என்பதே. குறி மட்டும் போதும் என்று விதி சொல்லவில்லை. A என்ற ஓர் எழுத்தைப் பல நிறுவனங்கள் பயன்படுத்துவதால், வடிவத்தைச் சேர்க்காமல் தேடினால் பல விடைகள் வந்து குழப்பும்.

வடிவத்தில் ஐயப்பாடு குறைவு. வட்டம், நீள்வட்டம், கேப்ஸ்யூல் வடிவம் என்று எளிதில் பிரித்துவிடலாம். நீள்வட்டத்துக்கும் கேப்ஸ்யூல் வடிவத்துக்கும் இடையில் தடுமாற்றம் வந்தால் இரண்டையும் முயலுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கில் வெள்ளை மாத்திரை இளமஞ்சளாகத் தெரியும், பழசான மாத்திரை உண்மையிலேயே மஞ்சளாகியும் இருக்கும். அளவுக்கு, பள்ளிப் பிள்ளையின் அளவுகோலை வைத்து, மாத்திரையின் நீளமான பக்கத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

தேடுவதும் சரிபார்ப்பதும்

முன்பு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் இதற்கென்றே Pillbox என்ற தளத்தை நடத்தியது. 2021-இல் அது மூடப்பட்டது. பழைய கட்டுரைகள் இன்னும் அதைக் காட்டுவதால் இதைச் சொல்கிறேன். இப்போது Drugs.com தளத்தின் Pill Identifier பகுதியில் `A 12` என்று இட்டு, நிறத்தையும் வடிவத்தையும் தேர்ந்தால் பட்டியல் சுருங்கும். வந்த படத்தோடு உங்கள் மாத்திரையின் இரு பக்கங்களையும் ஒப்பிடுங்கள்.

அதோடு நிறுத்தாமல், கிடைத்த மருந்துப் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும், அமெரிக்க மருந்துகளின் குறிப்புகளைத் தொகுத்துவைத்திருக்கும் DailyMed தளத்தில் தேடி, அந்த மருந்துக் குறிப்பின் அடியில் Ingredients and Appearance என்ற பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே நிறம், வடிவம், நடுக்கோடு உண்டா இல்லையா, மில்லிமீட்டரில் அளவு, பொறித்த குறி ஆகிய அனைத்தும் ஓர் அட்டவணையாக இருக்கும். குறியை `A;12` என்பதுபோல அரைப்புள்ளியிட்டுப் பிரித்திருப்பார்கள். அரைப்புள்ளி, தனித்தனியாகப் பொறித்த பகுதிகளைப் பிரித்துக் காட்டுகிறது. இந்த மாத்திரையில் அவை இரு பக்கங்கள். நீங்கள் எழுதிவைத்தவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும், அந்த விடையை ஏற்காதீர்கள்.

எங்கே நின்றுவிட வேண்டும்

இந்த முறை அமெரிக்கச் சந்தை மாத்திரைகளுக்கே நன்றாகப் பொருந்தும். நம் கடைகளில் வாங்கும் மாத்திரைகள் பல எந்தப் பொறிப்பும் இல்லாமல் வருகின்றன. பெயரும் காலாவதித் தேதியும் அட்டையில்தான் இருக்கும். அட்டையைக் கத்தரித்த துண்டில் பெயர் போய்விட்டால், வெறும் வெள்ளை வட்டத்தை வைத்து வடிவத்தால் மட்டும் ஊகிப்பது கூடாது. வடிவம் ஐயத்தைக் குறைக்க உதவுமே தவிர, தனியே நின்று எதையும் உறுதிப்படுத்தாது. பாதியாக உடைந்த மாத்திரையில் குறியும் பாதிதான் மிஞ்சியிருக்கும், அதையும் விட்டுவிடுங்கள்.

சரியாகப் பொருந்திய விடையும் ஒரு பெயரைத்தான் தருகிறது. அந்த மாத்திரை எப்போது காலாவதியாகிறது, வெயிலிலும் ஈரத்திலும் எவ்வளவு காலம் கிடந்தது, யாருக்கு எழுதித் தந்தது என்பவை குறியில் இல்லை. அதனால் பெயர் தெரிந்தது என்பதற்காக அதைச் சாப்பிடக் கூடாது. ஒரு காகித உறையில் மாத்திரையை இட்டு, படித்த குறி, வடிவம், நிறம், அளவு, கிடைத்த பெயர் ஆகியவற்றை உறையின் மேல் எழுதி, மருந்தாளுநரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள். பெரியவர் இப்போது எந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார், எதை நிறுத்திவிட்டார் என்று மருத்துவர் கேட்கும்போது, அந்த உறையே பதில் சொல்ல உதவும்.