ஸ்பீடு டெஸ்டில் நூறு வருகிறது, கேம் ஏன் திக்குகிறது?

கேம் திக்கினால் பலரும் உடனே ஸ்பீடு டெஸ்ட் போடுகிறார்கள். முதல் தவறு அதுதான். ஆன்லைன் கேமுக்கு, அது ஓடும் நேரத்தில், வேகம் அதிகம் வேண்டாம். பாக்கெட்டுகள் தாமதமில்லாமல் சீராகப் போய் வந்தால் போதும். எங்கே தடுக்குகிறது என்று பார்க்க, விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் ரவுட்டரையே பிங் செய்யுங்கள் (பல ரவுட்டர்களின் முகவரி இதுதான்; உங்களுடையது வேறாகவும் இருக்கலாம்):

```
ping -t 192.168.1.1
```

கேபிளில் 1 மில்லிசெகண்டிலேயே நிற்க வேண்டும். வைஃபையில் 3, 4 என்று போய்க்கொண்டிருந்து திடீரென 150-க்குத் தாவினால் கோளாறு வீட்டுக்குள். இங்கே சீராக இருந்தும் கேம் திக்கினால் கோளாறு பெரும்பாலும் வெளியே. கேபிள் வாங்கியும் பயனில்லை.

எங்கள் வீட்டில் ரவுட்டர் கீழே ஹாலில், டிவிக்குப் பின்னால் இருந்தது. தம்பி மகன் விளையாடுவது மாடி அறையில். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், போதாததற்கு டிவியின் உலோகத் தகடு. ரவுட்டரை மாடிப்படி பக்கம் உயரமாக மாட்டியதும் தாவல் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. வைஃபையில் ஒரே சேனலில் இருக்கும் எல்லாரும், பக்கத்து வீட்டுக்காரர் உட்பட, முறை வைத்துத்தான் பேச வேண்டும்.

அடுத்து பவர்லைன் அடாப்டர் ஜோடி வாங்கினேன், ஒன்று ரவுட்டர் பக்கம், ஒன்று மாடியில். அதை ஸ்பைக் பஸ்டரில் செருகியது என் தவறு. மின்கம்பி வழியாக அது அனுப்பும் உயர் அதிர்வெண் சிக்னலை, இரைச்சல் என்று நினைத்து ஸ்பைக் பஸ்டர் வடிகட்டிவிடும். சுவர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும். செருகினேன், அப்படியும் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. எங்களுடையது மூன்று பேஸ் இணைப்பு. ஹால் ஒரு பேஸில், மாடி ஏசி பிளக் இன்னொரு பேஸில். மாடியிலேயே ஹாலோடு ஒரே பேஸில் இருந்த பிளக்குக்கு மாற்றியதும் பிங் 4, 5-இல் நின்றது. காலையில் சட்னிக்கு மிக்ஸி ஓடும்வரைக்கும்தான்! இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்கையும் நம்ப வேண்டாம். அது தனிச் சுற்று.

கடைசியில் 20 மீட்டர் கேட் 6 கேபிள்தான் ஜெயித்தது. 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் வீட்டுக்குள் நீளம் ஒரு கவலையே இல்லை. கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் திணிக்காதீர்கள், அது பாதுகாப்பில்லை. இழுத்த பிறகு விண்டோஸில் லிங்க் ஸ்பீடு பாருங்கள். எங்களுக்கு 1000-க்குப் பதில் 100 காட்டியது. எட்டு இழைகளில் ஒன்று கனெக்டரில் சரியாகப் பிடிக்கவில்லை. கேமுக்கு 100 போதும்தான், ஆனால் அரைகுறையாகப் பிடித்த கனெக்டர் என்றைக்கு விடும் என்று சொல்ல முடியாது. வெட்டி மறுபடி கிரிம்ப் செய்ததும் 1000 வந்தது, பிங்கும் 1-ஐத் தாண்டவில்லை.