“எப்பதான் அனுப்புவீங்க?” – தாமதிக்கும் சப்ளையருக்கு எழுதுகையில் செய்யக்கூடாதவை

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு பலகாரக் கடை. 2026 தீபாவளி நவம்பர் 8ஆம் தேதி. அதற்காக அரைக்கிலோ இனிப்புப் பெட்டிகள் 1,500 வேண்டும் என்று ஊபியில் உள்ள ஓர் அச்சகத்திடம் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,800 வெள்ளி, முன்பணம் 900. அக்டோபர் 12, திங்கட்கிழமை டெலிவரி என்று இன்வாய்ஸில் எழுதியிருக்கிறது. அன்று பெட்டி வரவில்லை. அதன்பின் கடையிலிருந்து போன வாட்ஸ்அப் செய்திகள் இவை:

செவ்வாய்: “என்னண்ணே, இன்னும் பெட்டி வரல?”
புதன்: “எத்தனை தடவை கேக்குறது? எப்பதான் அனுப்புவீங்க?”
வியாழன்: “உங்கள நம்பினதுக்கு நல்லா செஞ்சிட்டீங்க.”
வெள்ளி இரவு 11.40: “காசு வாங்கிட்டு ஏமாத்துறீங்க!!! ஃபேஸ்புக்ல போட்டுருவேன்.”

இந்த நான்கிலும் கோபத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள். காசு கொடுத்தோம், பெட்டி வரவில்லை என்பது மட்டும்தான் மிஞ்சும். எந்த ஆர்டர், எத்தனை பெட்டி, என்றைக்கு வருவதாகப் பேச்சு, எதற்குள் வேண்டும் என்ற நான்கும் இல்லை. கோபப்பட்டதைவிட இவற்றை விட்டதுதான் பெரிய தவறு. “எப்பதான் அனுப்புவீங்க?” என்பது கேள்விபோல இருந்தாலும் அதற்கு “இந்த வாரம்ணே, கண்டிப்பா” என்று பதில் சொல்லித் தப்பிக்கலாம். அந்தப் பதிலில் தேதி கிடையாது. நாளைக்கு மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

அடுத்த தவறு, ஆளைக் குற்றம் சொல்வது. “ஏமாத்துறீங்க” என்று எழுதிய நிமிடத்திலிருந்து பேச்சு பெட்டியைப் பற்றியதாக இருக்காது. “பத்து வருஷமா தொழில் செய்யறேன், என்னை இப்படிச் சொல்லலாமா?” என்று அவர் பதில் எழுதுவார். தாமதத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நியாயம் கேட்பவராக மாறிவிடுவார். ஃபேஸ்புக் மிரட்டல் அதைவிட மோசம். சிங்கப்பூரில் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014 முதல் இருக்கிறது. மிரட்டியும் இழிவுபடுத்தியும் எழுதுவதும் அதன்கீழ் வரக்கூடும். பின்னால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போக நேர்ந்தால் இதே வாட்ஸ்அப் உரையாடலைத்தான் அங்கே காட்ட வேண்டியிருக்கும்.

கோபம் தணிந்ததும் பலர் நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். “தொந்தரவுக்கு மன்னிக்கவும், முடிஞ்சா கொஞ்சம் பாருங்க, அடுத்த வாரம்னாலும் பரவாயில்ல” என்று எழுதுவார்கள். கேட்க இதமாக இருந்தாலும், “பரவாயில்ல” என்ற ஒரு சொல்லே 12ஆம் தேதியைக் கைகழுவிவிடுகிறது. அடுத்த வாரம் பெட்டி வராவிட்டால் “நீங்கதானே சொன்னீங்க” என்று அவர் கேட்கலாம்.

தேதியைக் கைகழுவுவது என்றால் என்ன என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1950இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒருவர் தன் காருக்கு உடற்பகுதி கட்டித் தரச் சொல்லியிருந்தார். 1948 மார்ச்சில் அது முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. அவர் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கெடு தாண்டியும் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்ததால் முதல் தேதியின் வலு போய்விட்டது. ஆனால் ஜூன் கடைசியில் அவர், நான்கு வாரத்துக்குள் தராவிட்டால் வாங்க மாட்டேன் என்று தெளிவாக அறிவித்தார். கார் அக்டோபரில்தான் தயாரானது. அவர் வாங்க மறுத்தது சரியே என்றது நீதிமன்றம். சிங்கப்பூர் ஒப்பந்தச் சட்டமும் இங்கிலாந்துப் பொதுச் சட்டத்திலிருந்து வந்ததுதான். நச்சரிப்பதால் தேதி நிற்காது. நியாயமான அவகாசத்தோடு ஒரு புதுத் தேதியை எழுத்தில் வைத்தால்தான் நிற்கும்.

இப்போது அந்தக் கடையின் செய்திகளை மாற்றி எழுதலாம். வெள்ளி இரவு போனதை அழிக்க வேண்டாம். அழித்தாலும் அழித்த அடையாளம் திரையில் தெரியும், அவரிடம் அதன் படமும் இருக்கலாம். சனிக்கிழமை காலை ஒரே செய்தியாக இப்படி எழுதலாம்:

“வணக்கம் அண்ணே. நேற்றிரவு நான் எழுதியதில் வார்த்தை தடித்துவிட்டது, மன்னியுங்கள். விஷயம் இதுதான்: அரைக்கிலோ பெட்டி 1,500, இன்வாய்ஸ்படி அக்டோபர் 12 டெலிவரி, இன்னும் வரவில்லை. எங்களுக்கு 28ஆம் தேதி பேக்கிங் தொடங்குகிறது. அச்சு முடிந்துவிட்டதா, எத்தனை பெட்டி தயார், எந்தத் தேதியில் அனுப்ப முடியும் என்று திங்கள் 19ஆம் தேதி பகல் 12 மணிக்குள் எழுதுங்கள். 500 தயாராக இருந்தால் அதை முதலில் அனுப்பினாலும் உதவியாக இருக்கும்.” இதோடு இன்வாய்ஸ் எண்ணையும் அதன் படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

மன்னிப்பு வார்த்தைக்கு மட்டும்தான், கேட்டதற்கு அல்ல. மூன்று கேள்விகளுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’, ஓர் எண், ஒரு தேதி என்றுதான் பதில் வர முடியும். “இந்த வாரம்” என்று சொல்லி நழுவ முடியாது. 500 பற்றிக் கேட்பதில் இன்னொரு பயனும் உண்டு. வேலையைத் தொடங்கவே இல்லாதவர் இந்தக் கேள்விக்குத் தடுமாறுவார், உண்மை நிலை அங்கே தெரிந்துவிடும். அவர் போனில் பதில் சொன்னால், “இப்போது பேசியபடி 23ஆம் தேதி 500, 26ஆம் தேதி மீதி 1,000. சரிதானே அண்ணே?” என்று போனை வைத்தவுடனே எழுதி அனுப்ப வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போனில் சொன்ன தேதிக்குச் சாட்சி இந்த இரண்டு வரிதான்.

திங்கள் பகல் கடந்தும் பதில் இல்லையென்றால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கக்கூடாது. செவ்வாய் 20ஆம் தேதி கடைசி அறிவிப்பு போக வேண்டும். அதில் வைக்கும் தேதி வாயில் வந்ததாக இருக்கக்கூடாது. பேக்கிங் 28ஆம் தேதி. வேறிடத்தில் அச்சில்லாத பெட்டி வாங்கி ஸ்டிக்கர் ஒட்ட ஒரு நாள் வேண்டும். ஆகவே 26ஆம் தேதி மாலைக்கு மேல் காத்திருக்க முடியாது.

“அண்ணே, சனிக்கிழமைச் செய்திக்குப் பதில் வரவில்லை. 1,500 பெட்டியும் திங்கள் 26 அக்டோபர் மாலை 5 மணிக்குள் கடைக்கு வர வேண்டும். வராவிட்டால் ஆர்டரை ரத்து செய்து வேறிடத்தில் வாங்கிக்கொள்வோம், முன்பணம் 900 வெள்ளியைத் திருப்பித் தரும்படி கேட்போம். 26க்குள் முடியும் என்றால் இன்றே ஒரு வரி எழுதுங்கள், இறக்கிவைக்க ஆளை நிறுத்துகிறோம்.”

இதில் ஆச்சரியக்குறியும் இல்லை, வசவும் இல்லை. செய்யப்போவதை மட்டும் சொல்கிறது. இங்கே நடக்கும் கடைசித் தவறு, சொன்னதைச் செய்யாமல் விடுவது. 26ஆம் தேதி மாலை 6 மணிக்கு “சரிண்ணே, நாளைக்குக் காலையிலயாவது அனுப்புங்க” என்று எழுதினால் தேதி மறுபடியும் கரைந்துவிடும். ஸ்டிக்கர் பெட்டிக்குப் போக மனமில்லையென்றால் ரத்து என்ற சொல்லை எழுதவே வேண்டாம். தாமதத்துக்கு விலையில் கழிவு கேட்டு எழுதலாம்.

முன்பணம் திரும்ப வராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது ஏற்கும், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். இன்வாய்ஸ், முன்பணம் செலுத்திய ரசீது, சனிக்கிழமைச் செய்தி, செவ்வாய் அறிவிப்பு ஆகியவற்றைத் தேதி வரிசையில் படமெடுத்து 26ஆம் தேதியே ஒரே இடத்தில் சேர்த்துவைத்துவிடுங்கள். வெள்ளி இரவுச் செய்தியும் அந்த வரிசையில் வரும், அதற்கு மன்னிப்புக் கேட்ட வரியும் அடுத்தே வரும்.