கல்லு கடக்கால் போடுறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்: அகலம், ஆழம், பெல்ட்

இப்ப புதுசா சைட்டு எடுத்து பண்ற பசங்க வேலையை அங்கங்க பாக்குறேன். கலவை சரியில்ல, நூல் வளைஞ்சிருக்கு, கல்லை நனைக்காம வச்சிட்டாங்கன்னு இருக்கறதெல்லாம் ஒரு நல்ல கொத்தனார் ரெண்டு நாள்ல திருத்தி விட்டுருவார், அதனால அதுக்குள்ள நான் போகல. மண்ணுக்குள்ள போய் மூடிட்டா அப்புறம் கண்ணுலயே படாத தப்புங்க சிலது இருக்கு, அத மட்டும் எழுதுறேன். எல்லாமே மேல மாடி இல்லாம தரைத்தளம் மட்டும் இருக்கற வீடு, 9 இஞ்ச் செங்கல் சுவர், கருங்கல் கடக்கால், அடியில கெட்டியான சரளை மண்ணு, அதுக்கான கணக்கு. கரிசல் மண்ணுக்கும், தண்ணி ஊறுற களிமண்ணுக்கும் இது எதுவும் பொருந்தாது.

அகலம் கூட்டிட்டா பலம்னு நினைக்கிறது

"சார் மூன்றரை அடி போட்டுருவோமா, ஸ்ட்ராங்கா இருக்கும்"னு நிறைய பேர் கேக்குறாங்க. முதல்ல எவ்ளோ வெயிட்டு இறங்குதுன்னு பாருங்க. ரெண்டு பக்கமும் 12 அடி ரூம் இருக்கற நடுச்சுவரத்தான் எடுத்துக்கணும், ஏன்னா அதுலதான் வெயிட்டு அதிகம். கூரை சிலாப், மேல சுருக்கி தளம், ஆள் நடமாட்டம் எல்லாம் சேத்து சதுர அடிக்கு 60 கிலோன்னு வச்சா, ரெண்டு பக்கத்துலயும் பாதிப்பாதி சேந்து 12 அடி, அதுல சுவர் நீளத்துக்கு அடிக்கு 720 கிலோ. 10 அடி உயர சுவர் 410 கிலோ. கீழ கல்லு, கான்கிரீட்டு, பேஸ்மட்டத்து மேல கம்பி கட்டி ஓட்டுற கான்கிரீட்டு பெல்ட்டு எல்லாம் ஒரு 600 கிலோ. மொத்தம் அடிக்கு ஒன்னே முக்கால் டன் சுமார்.

இத ரெண்டரை அடி அகலத்துல பரப்புனா சதுர அடிக்கு 700 கிலோதான் வருது. கெட்டி சரளை சதுர அடிக்கு 1400 கிலோ வரைக்கும் தாராளமா தாங்கும். அப்ப பாதி அளவுதான் நாம ஏத்துறோம். ஒன்றரை அடியே கணக்குப்படி போதும், ஆனா அதுக்குள்ள நின்னு கருங்கல்ல ஒழுங்கா கோத்து வைக்க முடியாது, அதனாலதான் ரெண்டரை அடி.

மூன்றரை அடி போடுறவங்க பெரும்பாலும் கான்கிரீட்ட 4 இஞ்ச் கனம்தான் போடுவாங்க, அதுக்கு மேல ஒன்றரை அடிக்கு கல்லு ஏத்துவாங்க. ரெண்டு பக்கமும் ஒரு அடி கான்கிரீட்டு வெறுமனே நீட்டிட்டு இருக்கும். கம்பி இல்லாத கான்கிரீட்டு அதோட கனம் எவ்ளோவோ அவ்ளோதான் வெளிய நீட்டி நின்னு வேலை செய்யும், மிச்சம் அப்படியே மேல பாத்து உடைஞ்சிரும், அந்த அகலத்துக்கு குடுத்த காசு மண்ணுக்குள்ள சும்மா கிடக்கும். சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8ல ஒன்றரை இஞ்ச் ஜல்லி போட்டு 6 இஞ்ச் கனம், ரெண்டரை அடி அகலம், மேல முதல் கல்லு வரிசை ரெண்டு அடி, அடுத்தது ஒன்றரை அடி, பேஸ்மட்டம் 15 இஞ்ச் அகலம். கல்லு வரிசை வரைக்கும் பக்கத்துக்கு 3 இஞ்ச், 3 இஞ்ச்சா சுருங்கி வரும், பேஸ்மட்டத்துல பக்கத்துக்கு ஒன்றரை இஞ்ச். இது போதும்.

ஆழத்தை எங்க இருந்து அளக்குறதுங்கறத யோசிக்காம விடுறது

எனக்கு இன்னிக்கும் ஆத்தாமையா இருக்கறது இதான். "எவ்ளோ தோண்டிருக்கீங்க"ன்னு கேட்டா எல்லாரும் டக்குனு "3 அடி சார்"ம்பாங்க. எதுல இருந்து 3 அடின்னு கேட்டா பதில் வராது. டேப்ப இப்ப கால் வச்சிருக்கற தரையில இருந்து பிடிச்சிருப்பாங்க. அந்த தரை யாரு போட்டதுன்னு யாரும் பாக்கறதில்ல. இந்திய தரக் குறியீடு ஐ.எஸ். 1904 குறைஞ்சது 50 செமீன்னு சொல்றதும், நாம பழக்கத்துல 3 அடின்னு எடுக்கறதும் இயற்கையா இருந்த தரையில இருந்துதான், கொட்டி நிரவுன மண்ணுல இருந்து இல்ல.

புதுக்கோட்டை பக்கம் ஒரு வீட்ட பாக்க கூப்பிட்டாங்க. செம்மண் சரளை பூமி, அருமையான மண்ணு, அதுல வீடு வெடிக்குதுன்னா நம்பவே கஷ்டமா இருந்துச்சு. மேக்கு பக்க ரூம்ல ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு வெடிப்பு, மேல போகப் போக அகலம் கூடுது, லிண்டலுக்கு மேல ஒரு ரூபா காசு நுழையுற அளவு. ரெண்டாவது ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் தெரிஞ்சதாம். பூச்சு வெடிப்புன்னு மேல பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சிருக்காங்க, அடுத்த மழையில அதே கோட்டுலயே திரும்ப விட்டுருச்சு. வெளிய மண்ண விலக்கி பாத்தா பெல்ட்டும் அதே எடத்துல கீறியிருந்துச்சு.

விசாரிச்சப்ப விஷயம் வந்துச்சு. மனை முதல்ல மேக்க கண்மாய் பக்கமா சரிவா இருந்திருக்கு. விக்கறதுக்கு முன்னாடி ஜேசிபி விட்டு கிழக்குப் பக்க மேட்ட வெட்டி மேக்கு பள்ளத்துல தள்ளி மட்டம் பண்ணிட்டாங்க. வாங்குனவர் பாத்தது மட்டமான மனை. சுத்தி 3 அடி வானம் தோண்டி கல்லு போட்டாச்சு. கிழக்க அது சுத்தமான சரளையில உக்காந்துச்சு, மேக்க 4 அடி கொட்டுன மண்ணு, அதுல கடக்கால் அடியே இன்னும் ஒரு அடி கொட்டுன மண்ணு மேல நிக்குது. வீடு முழுசா ஒரே மாதிரி இறங்கியிருந்தா கூட இவ்ளோ வெடிச்சிருக்காது, ஒரு பக்கம் அசையாம நின்னு ஒரு பக்கம் மட்டும் மழைத் தண்ணி குடிச்சு இறங்குனதுதான் சுவர பிளந்துச்சு.

இதுல ஏமாத்துறது என்னன்னா, கொட்டுனதும் அதே சரளைதான். நிறம் ஒன்னு, பாக்க ஒன்னு. குப்பையோ ஓட்டுத் துண்டோ கிடந்தா எந்த மேஸ்திரியும் கண்டுபிடிச்சிருவார், அதே மனையில வெட்டுன மண்ணு அதே மனையில கிடந்தா அனுபவம் உள்ளவங்களுக்கே தெரியாது. அதுக்கு நான் செய்யச் சொல்றது இது. தோண்டுன அன்னிக்கே, வெயில்ல காயறதுக்கு முன்னாடி, வானத்துக்குள்ள இறங்கி பக்கச் சுவர மண்வெட்டியால ஒரு தடவ பட்டையா சீவிப் பாருங்க. கொட்டுன மண்ணுக்கு கீழ பழைய மேல்மண்ணு ஒரு விரக்கடை, ரெண்டு விரக்கடைக்கு கருப்புக் கோடா ஓடும், அதுல மக்குன புல்லு வேரு நாரு நாரா தெரியும். அந்தக் கோடுதான் நிஜமான தரை. கோடே கண்ணுல படலன்னா, அது இல்லவே இல்லன்னு முடிவு கட்டிராதீங்க, நீங்க இன்னும் அது வரைக்கும் தோண்டாமலும் இருக்கலாம்.

அடுத்து கடப்பாரை. வானத்து அடியில நாலடிக்கு ஒரு எடத்துல, இடுப்பு உயரத்துல இருந்து கடப்பாரைய கூர்முனை கீழ இருக்க தானா விழ விடுங்க, கையால அழுத்த வேண்டாம். அசல் சரளையில ணங்குனு சத்தம் வந்து ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச்தான் போகும். கொட்டுன மண்ணுல தொப்புனு மூணு நாலு இஞ்ச் இறங்கும். ஒவ்வொரு எடத்துலயும் எவ்ளோ போச்சுன்னு சுண்ணாம்புல குறிச்சிட்டே வாங்க. எங்க திடீர்னு மாறுதோ அங்கதான் பிரச்சனை. பக்கத்து மனை யாரும் கை வைக்காம கிடந்தா டியூப் மட்டம் பிடிச்சு அதோட தரைய உங்க தரையோட ஒப்பிட்டுப் பாக்கலாம், அதுவும் நல்லா காட்டிக் குடுக்கும்.

அப்படி இறக்கம் தெரிஞ்சா அந்தப் பக்கம் மட்டும் ஆழமா போகணும், கொட்டுன மண்ணு முடிஞ்சு அசல் மண்ணுக்குள்ள ஒரு அடியாவது போற வரைக்கும். ஆழம் மாறுற எடத்துல சரிவா விடாம படியா வெட்டணும், ஒவ்வொரு படியும் ஒரு அடிக்கு மேல வேணாம், மேல் படி கான்கிரீட்டு கீழ் படி கான்கிரீட்டு மேல படியோட உயரத்துல ரெண்டு மடங்காவது ஏறி உக்காரணும். தப்பித்தவறி கூடுதலா தோண்டிட்டா தோண்டுன மண்ணயே திரும்பப் போட்டு மட்டம் பண்ணாதீங்க, எவ்ளோ திமுசு போட்டாலும் அது அசல் மண்ணாகாது, அந்தப் பள்ளத்தயும் அதே 1:4:8 கான்கிரீட்டாலதான் நிரப்பணும்.

அந்த புதுக்கோட்டை வீட்டுல மேக்குச் சுவர் 24 அடி. ரெண்டரை அடி அகலத்துல இன்னும் 2 அடி இறங்கியிருந்தா கூடுதலா வந்திருக்கறது 120 கன அடி, ஒரு யூனிட்டுக்கு மேல கொஞ்சம். அவ்ளோதான் கல்லும் கலவையும். அத விட்டதுக்கு கடைசியில சுவருக்கு அடியில நாலடி நாலடியா, ஒன்னு விட்டு ஒன்னு, பக்கவாட்டுல குடைஞ்சு கான்கிரீட்டு குடுக்க வேண்டியதாச்சு. ஒரே நேரத்துல முழுசா தோண்டுனா சுவரே இறங்கிரும்ங்கறதால ஒரு துண்டு இறுகுன அப்புறம்தான் பக்கத்துத் துண்டு, வேலை இழுத்துக்கிட்டே போச்சு. அந்த வீட்டு அம்மா பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தாங்க. முதல்லயே ஒருத்தன் கடப்பாரையோட இறங்கியிருந்தா போதும்னு நெனைக்கிறப்ப கோவம் வரத்தான் செய்யுது.

மழைத் தண்ணி தேங்கி நின்ன வானம்

சேறு முழுசா வழிச்சு எடுத்து கெட்டி மண்ணு தெரிஞ்ச அப்புறம்தான் கான்கிரீட்டு, வெறும் தண்ணிய மட்டும் இறைச்சிட்டு போடக்கூடாது.

சுவர் கடக்காலுக்கு ஓரமா ஏறுறது

சுவரோட நடுக்கோடு கடக்காலோட நடுக்கோட்டுலயே நிக்கணும்.

கல்லு இடுக்குல மண்ணு தள்ளுறது

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல கலவையும் சில்லும்தான், மண்ணும் தண்ணி ஊத்துன மணலும் கிடையாது.

பெல்ட்டு எல்லாத்தையும் தாங்கிரும்னு நம்புறது

மேல சொன்ன வீட்டுலயும் கட்டுனவர் சொன்ன ஒரே பதில் "பெல்ட்டு போட்டிருக்கோமே சார்"ங்கறதுதான். பேஸ்மட்டத்து மேல நாம போடுற 9 இஞ்ச்சுக்கு 9 இஞ்ச் பெல்ட்டு, மேல 2 கீழ 2 பத்து எம்எம் கம்பி, 8 எம்எம் ரிங்கு 6 இஞ்ச்சுக்கு ஒன்னு. கடக்கால் நெடுக தாங்கிட்டு இருக்கறப்ப எல்லாச் சுவரயும் ஒன்னா இழுத்துக் கட்டறது, சின்னச் சின்ன ஏத்த இறக்கத்த சமாளிக்கறது, நில அதிர்ச்சியில மூலை பிரியாம பாத்துக்கறது, இதுதான் அதோட வேலை. அடியில மண்ணு இறங்கி 10 அடிக்கு அது தனியா தொங்க வேண்டி வந்தா, வெளிச்சுவரும் சிலாப்பும் சேந்து ஏழே முக்கால் டன் அது மேல நிக்கும். அந்தக் கம்பிக்கு அதுல பாதி கூட தாங்காது. பெல்ட்டு இருக்குன்னு ஆழத்துல கை வைக்கறவங்க இத ஒரு தடவ பேப்பர்ல போட்டுப் பாக்கணும்.

அந்த வேலையக் கூட ஒழுங்கா செய்ய விடாம பண்றது மூலைதான். நெறைய எடத்துல கம்பி மூலை வரைக்கும் வந்து அப்படியே நின்னுருது, அடுத்த சுவரோட கம்பி அது மேல சும்மா படுத்திருக்கு. மூலை திறக்க ஆரம்பிச்சா பிடிச்சு இழுக்க எதுவுமே இருக்காது. ஒவ்வொரு கம்பியும் மூலையில வளைஞ்சு அடுத்த சுவருக்குள்ள 20 இஞ்ச்சாவது போகணும், வெளிப்பக்கக் கம்பி வெளிப்பக்கக் கம்பியோட சேரணும். உள்சுவர் வந்து முட்டுற டி ஜங்ஷன்லயும் அதே மாதிரி வளைச்சு வெளிச்சுவர் பெல்ட்டுக்குள்ள விடணும்.

வாசக்கால் வர்ற எடத்துல பெல்ட்ட விட்டுட்டுப் போறாங்க, படி மட்டம் இடிக்குதுன்னு. பெல்ட்டு வீட்டச் சுத்தி அறுபடாம ஓடணும், வாசல் அடியிலயும் ஓடணும். மட்டம் இடிச்சா பேஸ்மட்டம் கட்டறப்பவே ஒரு வரிசை குறைச்சு பெல்ட்ட முழுசா கீழ இறக்குங்க, இல்லன்னா தரை மட்டத்த ஏத்துங்க. கம்பி கட்டுன அப்புறம் யோசிச்சா அங்க அறுக்கத்தான் தோணும்.