மாதிரிப் படம் தொலைந்த பிறகு ரவிக்கையின் அளவையும் வடிவத்தையும் தையல்காரருக்கு எழுதி அனுப்பும் முறை

தீபாவளி நெருங்கும் மாதங்களில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களின் தையல் கடைகளில், துணி வந்து சேர்ந்தும் வெட்டப்படாமல் கிடக்கும் பைகள் சில எப்போதும் இருக்கும். துணியைக் கொடுத்தவரின் கைப்பேசி பழுதாகியிருக்கும், அல்லது புலனத்தில் வந்த படம் அழிந்திருக்கும். "அந்தப் படத்துல இருந்த மாதிரியே முதுகுல வச்சிடுங்க அக்கா" என்று குரல் பதிவு வந்தால், அதைக் கேட்டுக்கொண்டு கத்தரியை எடுக்க எங்களால் முடியாது. ஆனால் நீளம், அகலம், தொடங்கும் இடம், முடியும் இடம் ஆகியவற்றை ஒழுங்காக எழுதினால் படம் இல்லாமலேயே தைத்துவிடலாம். முன்பக்கம் கொக்கி வைத்த, முதுகில் துளி வடிவத் திறப்பு உள்ள ஒரு பிரின்சஸ் கட் சேலை ரவிக்கையை எடுத்துக்கொண்டு அந்த முறையை இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: அளவு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதுங்கள்

உடலில் எடுத்த அளவும் தைத்த ரவிக்கையில் எடுத்த அளவும் ஒன்றல்ல. உடலில் மார்புச் சுற்று 36 அங்குலம் இருப்பவருக்குச் சரியாக அமைந்த ரவிக்கையை அளந்தால், மூச்சுவிடவும் கையைத் தூக்கவும் விட்ட தளர்வையும் சேர்த்து ஏறக்குறைய 37 அங்குலம் வரும். நீங்கள் வெறுமனே 37 என்று எழுதினால், அதை உடல் அளவாக எண்ணும் தையல்காரர் மேலும் ஒரு அங்குலம் சேர்ப்பார். ரவிக்கை அக்குளில் மடிப்பு விழுந்து தொளதொளவென்று நிற்கும். ஆகவே உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரே ஒரு ரவிக்கையைத் தேர்ந்தெடுத்து எல்லா அளவுகளையும் அதிலேயே எடுத்து, செய்தியின் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுவது நல்லது. உடலில் எடுத்த மார்புச் சுற்றை மட்டும் சரிபார்ப்புக்காகத் தனியாகச் சேர்க்கலாம்.

கொக்கிகளை மாட்டி, ரவிக்கையை மேசையில் விரித்து, இழுக்காமல் அளக்க வேண்டும். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை பதினெட்டரை வந்தால் அது பாதிதான். "சுற்று 37" என்று இரட்டித்து எழுதுங்கள். நாடாவின் ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்டிமீட்டரும் இருப்பதால் அலகையும் ஒருமுறை குறிப்பிடுங்கள். பின்னங்களைப் புள்ளி வைத்து எழுத வேண்டாம். அங்குலத்தை எட்டுக் கோடுகளாகப் பார்த்துப் பழகிய சிலர் 14.2 என்பதைப் பதினாலும் இரண்டு கோடும், அதாவது பதினாலேகால் என்று படிப்பார்கள். கால், அரை, முக்கால் என்று சொல்லாகவே எழுதினால் அந்தக் குழப்பமே வராது.

இரண்டாம் படி: ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு முனை

மொத்த உயரம், கழுத்து இறக்கம், மார்பின் உச்சியைக் குறிக்கும் டாட் பாயிண்ட் ஆகிய மூன்றையும் ஒரே இடத்திலிருந்து தொடங்குங்கள். தோள் தையல் கழுத்தைத் தொடும் புள்ளிதான் அந்த இடம். கழுத்து இறக்கத்தைச் சிலர் நடு முதுகின் கழுத்தெலும்பிலிருந்து அளப்பார்கள். தொடக்கம் மாறினால் இறக்கமும் மாறிவிடும், அந்த வித்தியாசம் கழுத்தில் உடனே தெரியும். கைக்கு நீளத்தோடு விளிம்புச் சுற்றும் தேவை. இடுப்புப் பட்டியின் சுற்று, கைக்குழிச் சுற்று ஆகியவற்றையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கழுத்து அகலத்தோடு இரு பக்கத் தோள்பட்டை அகலங்களைக் கூட்டினால் முழுத் தோள் அகலம் வர வேண்டும். கழுத்து 6, தோள்பட்டை பக்கத்துக்கு 4 என்றால் மொத்தம் 14. தோளின் சரிவினால் அரை அங்குலம் வரை வேறுபடலாம். அதற்கு மேல் போனால் மூன்றில் ஒன்று தவறாக அளக்கப்பட்டிருக்கிறது. முன்கழுத்தும் பின்கழுத்தும் ஒரே தோள் தையலில் சேர்வதால் இரண்டுக்கும் அகலம் ஒன்றே என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி: முதுகின் வடிவத்தை எழுத்தில் வரைவது

படம் இல்லாததன் நட்டம் முழுவதும் இந்த இடத்தில்தான் தெரியும். "துளி வடிவம்" என்று மட்டும் எழுதினால் ஒருவர் எலுமிச்சை அளவுக்கும் மற்றொருவர் முதுகு முழுதும் தெரியும்படியும் வெட்டுவார். நடு முதுகில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்தக் கோட்டில் துணி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

நம் ரவிக்கையில் பின்கழுத்து ஒன்றரை அங்குலம் இறங்குகிறது. அதன் கீழே ஒரு அங்குல உயரத்துக்குத் துணிப்பட்டி. அது முடியும் இடத்தில், அதாவது இரண்டரை அங்குலத்தில், துளியின் கூர்முனை தொடங்குகிறது. துளியின் நீளம் 7. ஆகவே அது ஒன்பதரையில் முடிகிறது. மொத்த உயரம் பதினாலரை என்பதால் அடியில் 5 அங்குலம் துணி மிஞ்சும். துளியின் மிக அகலமான இடம் 4 அங்குலம். அது கூர்முனையிலிருந்து நாலரை அங்குலம் கீழே அமைகிறது. இந்தக் கடைசி எண்ணை எழுதாமல் விட்டால் துளி, முட்டையாகவோ வைரமாகவோ மாறிவிடும்.

மிஞ்சும் துணி போதுமா என்று பார்க்க, பழைய ரவிக்கையை அணிந்துகொண்டு, உள்ளாடைப் பட்டியின் மேல்விளிம்பு ரவிக்கையின் அடிவிளிம்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். அது 4 என்றால் 5 அங்குலத் துணி அதை மறைக்கும். நாலரைக்கு மேல் போனால் துளியைக் குறைப்பதே நல்லது, ஏனெனில் உட்கார்ந்து எழும்போது ரவிக்கை சற்று மேலேறும்.

பட்டியில் பொத்தான் வேண்டுமானால் அது திறந்து மூடுவதா, வெறும் அழகுக்கா என்று எழுதுங்கள். முன்பக்கம் கொக்கி இருப்பதால் இங்கே அழகுக்கு மட்டும் போதும், பட்டியை வெட்ட வேண்டியதில்லை.

நான்காம் படி: செய்தியை அமைப்பது

> அக்கா, பச்சைப் பட்டுத் துணிக்கு உரிய விவரம். படம் தொலைந்துவிட்டது. எல்லாம் அங்குலம், தைத்த ரவிக்கையில் எடுத்தவை.
> மொத்த உயரம் பதினாலரை. மார்புச் சுற்று 37 (உடலில் 36). இடுப்புப் பட்டிச் சுற்று 32.
> தோள் 14, கழுத்து அகலம் 6. கைக்குழிச் சுற்று 17. கை நீளம் 10, விளிம்புச் சுற்று 12.
> டாட் பாயிண்ட் தோள் தையலிலிருந்து 10, இரண்டுக்கும் இடையே ஏழரை.
> பிரின்சஸ் கட், லைனிங் உண்டு, முன்பக்கக் கொக்கி. முன்கழுத்து யு வடிவம், இறக்கம் ஆறரை.
> பின்கழுத்து இறக்கம் ஒன்றரை, கீழே 1 அங்குலப் பட்டி, பிறகு துளி: நீளம் 7, அகலம் 4, அந்த அகலம் மேல்முனையிலிருந்து நாலரையில். அடியில் 5 துணி. பட்டியில் அழகுக்கு ஒரு பொத்தான்.
> பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை அங்குலம் விடவும்.

செய்தியை அனுப்பிய பின், நாளிதழ்த் தாளில் 7 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள துளியை வெட்டி, பழைய ரவிக்கையின் முதுகில் குத்தூசியால் பொருத்திப் பாருங்கள். நினைவில் இருந்த வடிவம் அதுதானா என்று உங்களுக்கே தெரியும். மாற்றம் வேண்டுமானால் முழுச் செய்தியையும் மறுபடி அனுப்பாமல், "துளியின் நீளம் 7 அல்ல, ஆறரை, அடியில் துணி ஐந்தரை" என்று தொடர்புடைய எண்கள் இரண்டையும் சேர்த்தே திருத்துங்கள். ஆரி வேலையின் பூக்கொடி போன்றவற்றை இப்படி எழுத்தில் கொடுக்க முடியாது. அவற்றுக்குத் தையல்காரரிடம் உள்ள மாதிரிகளில் ஒன்றைக் காட்டச் சொல்லித் தேர்ந்தெடுப்பதுதான் வழி. துணி வெட்டப்படும் நாளுக்கு முன்பாக, எழுதிய எண்களைத் தையல்காரர் தம் அளவுப் புத்தகத்தில் குறித்த பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பக் கேளுங்கள்.