ஒரே வயரை இடம் மாற்றி எதிர்ப் பின்னூட்டத்தைக் காதால் கேட்பது

TL072 என்ற சின்ன ஆப்-ஆம்பின் டேட்டாஷீட்டைத் திறந்தால் அதன் கெயின் சுமார் 2,00,000 என்று போட்டிருக்கும். ஆனால் அதை வைத்து நாம் கட்டும் சர்க்யூட்டின் கெயின் 11 ஆகவோ 20 ஆகவோதான் இருக்கும். மீதி எங்கே போயிற்று? அது வீணாகவில்லை. அதைக் கொடுத்துத்தான் நிலையான கெயினையும் அகன்ற அலைவரிசையையும் சுத்தமான ஒலியையும் வாங்குகிறோம். இந்தக் கொடுக்கல் வாங்கலைக் காதால் கேட்கும்படி ஒரு பிரெட்போர்டு சர்க்யூட் கட்டிப் பார்ப்போம். மொத்தச் சோதனையும் ஒரு வயரை இங்கிருந்து அங்கே மாற்றுவதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு படகுப் பயணம்

1927 ஆகஸ்ட் 2 காலை. பெல் ஆய்வகத்தின் இளம் பொறியாளர் ஹரால்டு பிளாக், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் நியூயார்க்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நெடுந்தூரத் தொலைபேசி லைன்களில் வழிநெடுக வரிசையாகப் பெருக்கிகள் வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் சேர்க்கும் சிறு டிஸ்டார்ஷன் அடுத்ததில் சேர்ந்து பெருகிக்கொண்டே போகும். பல வருடமாக அவரைக் குடைந்த பிரச்சினை இது. அன்று அவருக்குத் தோன்றியது இதுதான்: தேவைக்கு மேல் பல மடங்கு கெயின் வைத்துக் கட்டு, வெளியே வருவதில் ஒரு பங்கை எடுத்து உள்ளே போவதிலிருந்து கழி. இதுதான் எதிர்ப் பின்னூட்டம். கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே அதை வரைந்தார். காப்புரிமை கைக்கு வந்தது 1937 டிசம்பரில்.

அந்தப் படத்தைச் சமன்பாடாக எழுதினால் இவ்வளவுதான்:

```
Af = A / (1 + A·β)
```

`A` என்பது பெருக்கியின் சொந்தக் கெயின். `β` என்பது வெளியீட்டில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறோம் என்பது. `A·β` ரொம்பப் பெரிய எண்ணாக இருந்தால் கீழே உள்ள 1 ஒரு பொருட்டே இல்லை. விடை `1/β` என்று ஆகிவிடும். அதாவது `A` கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது.

சர்க்யூட்டைக் கட்டுவோம்

வேண்டியவை: TL072 ஒன்று, BC547, BC557 டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொன்று, 9 வோல்ட் பேட்டரி இரண்டு, 10 கிலோஓம், 1 கிலோஓம், 100 ஓம் ரெசிஸ்டர்கள், 10 கிலோஓம் வால்யூம் கன்ட்ரோல், 100 நானோஃபாரட் கெபாசிட்டர் இரண்டு, 8 ஓம் சின்ன ஸ்பீக்கர்.

இரண்டு பேட்டரிகளையும் தொடராக மாட்டுங்கள். அவை சேரும் நடுப்புள்ளிதான் நமக்கு கிரவுண்ட். ஐசியின் 8ஆம் காலுக்கு +9, 4ஆம் காலுக்கு −9. இந்த இரண்டு கால்களிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒவ்வொரு 100 நானோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள், ஐசிக்கு ஒட்டினாற்போல. பயன்படுத்தாத இரண்டாவது ஆப்-ஆம்பைச் சும்மா விடக்கூடாது. 6ஐயும் 7ஐயும் சேர்த்து, 5ஐ கிரவுண்டில் போட்டுவிடுங்கள்.

டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். இரண்டுக்கும் ஒரே வரிசைதான். BC547இன் கலெக்டர் +9க்கு, BC557இன் கலெக்டர் −9க்கு. இரண்டு பேஸ்களும் ஐசியின் 1ஆம் காலுக்கு. இரண்டு எமிட்டர்களும் ஒன்றாகச் சேரும் இடம்தான் நம் வெளிவாய். அங்கிருந்து 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஸ்பீக்கர், அதன் மறுமுனை கிரவுண்டில்.

ஃபோனின் ஹெட்ஃபோன் வெளியீட்டை வால்யூம் கன்ட்ரோலின் இரு ஓரக் கால்களுக்குக் கொடுத்து (ஃபோனின் கிரவுண்ட் பக்கம் நம் கிரவுண்டோடு சேர வேண்டும்), நடுக்காலை ஐசியின் 3ஆம் காலில் செருகுங்கள். 2ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோஓம். அப்புறம் 2ஆம் காலில் 10 கிலோஓமின் ஒரு முனை. அதன் மறுமுனையில் ஒரு நீள வயர். நாம் இடம் மாற்றப் போகும் வயர் அதுதான்.

வெளியீட்டில் 11இல் ஒரு பங்கு திரும்பி வருகிறது. ஆகவே `β = 1/11`, கெயின் 11.

வயர் 1ஆம் காலில் இருக்கும்போது

முதலில் அந்த வயரை ஐசியின் 1ஆம் காலில் செருகுங்கள். ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றில் 400 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு, 3ஆம் காலில் ஏசி மில்லிவோல்ட் மீட்டர் 70 காட்டும்வரை வால்யூமைத் திருப்புங்கள். 1ஆம் காலில் 770 வரும். சரியாக 11 மடங்கு.

ஆனால் ஸ்பீக்கரைக் காதருகே வைத்தால் சைன் அலையின் குழலோசை வராது. கரகரவென்று, தகரத்தைத் தேய்த்தது போல் ஒலிக்கும். காரணம் டிரான்சிஸ்டர்கள். பேஸில் ஏறக்குறைய 0.6 வோல்ட் வரும்வரை அவை எதையும் கடத்துவதில்லை. +0.6க்கும் −0.6க்கும் நடுவில் இரண்டுமே தூக்கம். 1ஆம் காலில் அலையின் உச்சம் 1.1 வோல்ட்தான், அதில் பாதிக்கு மேல் இந்தப் பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. வால்யூமை மெல்லக் குறைத்துப் பாருங்கள். ஒலி படிப்படியாகத் தேயாமல், ஒரு கட்டத்தில் திடீரென்று செத்துவிடும். டோனுக்குப் பதில் பாட்டு ஓடவிட்டால் தபேலாவின் அடி மட்டும் கேட்கும், மெல்லிய இடங்கள் காணாமல் போகும். இதற்குப் பெயர் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன்.

பின்னூட்டம் இப்போதும் இருக்கிறது. ஆனால் டிரான்சிஸ்டர்கள் அதன் வளையத்துக்கு வெளியே நிற்கின்றன. அவை செய்யும் தப்பு ஆப்-ஆம்புக்குத் தெரியவே வராது.

வயரை வெளிவாய்க்கு மாற்றினால்

அதே வயரை 1ஆம் காலிலிருந்து பிடுங்கி, எமிட்டர்கள் சேரும் இடத்தில் செருகுங்கள். கரகரப்பு அந்தக் கணமே போய்விடும். வேறு எந்தப் பாகத்தையும் நாம் தொடவில்லை. டிரான்சிஸ்டர்களும் முன்பு போலவே மோசமானவைதான். வால்யூமைக் குறைத்தால் இப்போது ஒலி ஒழுங்காகத் தேய்ந்து அடங்கும். எத்தனை தடவை செய்து பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

ஸ்கோப் வைத்திருப்பவர்கள் இப்போது 1ஆம் காலைப் பாருங்கள். வெளிவாயில் அழகான சைன் அலை. ஆனால் 1ஆம் காலில் உடைந்த அலை: பூஜ்யத்தைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் −0.6இலிருந்து +0.6க்கு ஒரே தாவாகத் தாவும். டிரான்சிஸ்டர் எந்த அளவு தப்பு செய்கிறதோ, அதே அளவு நேர்மாறான தப்பை ஆப்-ஆம்ப் முன்கூட்டியே செய்து கொடுக்கிறது. இரண்டும் கழிந்து வெளியே சுத்தமாக வருகிறது.

இதற்கு ஆன செலவு என்ன? TL072இன் 2,00,000 கெயின் சுமார் 15 ஹெர்ட்ஸ் வரைதான். அதன் பிறகு அதிர்வெண் பத்து மடங்கு கூடினால் கெயின் பத்தில் ஒன்றாகும். இரண்டையும் பெருக்கினால் எப்போதும் சுமார் 30 லட்சம். அப்படியானால் 400 ஹெர்ட்ஸில் கெயின் 7,500. ஆப்-ஆம்ப் 0.6 வோல்ட் தாவ வேண்டுமானால் அதன் இரு உள்வாய்களுக்கும் நடுவே 0.6 ÷ 7,500, அதாவது 0.08 மில்லிவோல்ட் வித்தியாசம் போதும். வெளிவாயில் இது 11 மடங்காகி, 0.9 மில்லிவோல்ட் பிழையாகத் தெரியும். 600 மில்லிவோல்ட் பள்ளம் 0.9 ஆகிவிட்டது.

இதே கணக்கை 20 கிலோஹெர்ட்ஸில் போடுங்கள். அங்கே சொந்தக் கெயின் 150தான். பிழை 44 மில்லிவோல்ட். பின்னூட்டத்தால் டிஸ்டார்ஷன் குறையும் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அந்த அதிர்வெண்ணில் கையில் எவ்வளவு உபரி கெயின் இருக்கிறதோ, அவ்வளவுதான் குறையும்.

இதைக் கேட்க ஒரு வழி உண்டு. TL072ஐக் கழற்றி அதே இடத்தில் LM358ஐச் செருகுங்கள், கால்கள் ஒன்றுபோலத்தான். இது மெதுவான ஐசி, அதன் வெளியீடு மைக்ரோசெகண்டுக்கு 0.3 வோல்ட்தான் நகரும். 1.2 வோல்ட் தாவ 4 மைக்ரோசெகண்ட் எடுக்கும். 400 ஹெர்ட்ஸில் அது பெரிதாகத் தெரியாது. 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போனால் ஸ்கோப்பில் பூஜ்யத்தருகே வெட்டுகள் தெளிவாகத் தெரியும்.

கெயினும் அலைவரிசையும்

ஐசியை மாற்றினீர்களே, 400 ஹெர்ட்ஸில் வெளிவாயில் மீட்டர் என்ன காட்டியது? அதே 770தான். TL072இலேயே ஐசிக்கு ஐசி கெயின் 25,000 முதல் 2,00,000 வரை மாறலாம். சமன்பாட்டில் போட்டால் முதலாவதற்கு 10.995, இரண்டாவதற்கு 10.999. எட்டு மடங்கு வித்தியாசம் 0.04 சதவீதமாகச் சுருங்கிவிட்டது.

ஆனால் ரெசிஸ்டர்கள் 5 சதவீத வகையென்றால் கெயின் 10.05க்கும் 12.05க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பின்னூட்டம் துல்லியத்தின் பொறுப்பை ஐசியிடமிருந்து வாங்கி இரண்டு ரெசிஸ்டர்களின் தலையில் வைக்கிறது. 1 சதவீத ரெசிஸ்டர் வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அலைவரிசைக்கும் அதே 30 லட்சம்தான் கணக்கு. கெயின் 11 என்றால் சுமார் 270 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். 101 ஆக்கினால் 30 கிலோஹெர்ட்ஸ். 1001 கேட்டால் 3 கிலோஹெர்ட்ஸோடு சரி, பாட்டில் ஜால்ரா ஒலி மங்கிவிடும். அதனால்தான் பெரிய கெயின் வேண்டுமென்றால் ஒரே கட்டத்தில் எடுக்காமல் இரண்டாகப் பிரிக்கிறோம்.

எங்கே தப்பும்

2, 3ஆம் கால்களை மாற்றிச் செருகினால் கழிப்பதற்குப் பதில் கூட்டுகிறோம். வெளியீடு ஒரு பக்கமாக 7 வோல்ட் அருகே போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்பீக்கரின் கூம்பு ஒரு பக்கம் தள்ளி நிற்கும், 100 ஓம் ரெசிஸ்டர் தொட முடியாதபடி சுடும். உடனே பேட்டரியைக் கழற்றுங்கள்.

உள்ளீட்டை அதிகமாகக் கொடுத்து அலையின் தலை பேட்டரி வோல்டேஜில் முட்டினால் பின்னூட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது. முட்டிய நேரத்தில் உபரி கெயின் பூஜ்யம். அதுவரை சுத்தமாக இருந்த ஒலி சட்டென்று கடுமையாக உடையும்.

மூன்றாவதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமானது. பின்னூட்டம் கெயினை நிலைப்படுத்துகிறது, ஆனால் வளையத்தையே நிலைகுலைய வைக்கவும் அதனால் முடியும். ஒவ்வொரு கட்டமும் சிக்னலைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். உயர் அதிர்வெண்ணில் மொத்தத் தாமதம் அரைச் சுற்றை எட்டினால் கழித்தல் கூட்டலாகிவிடும். அப்போது `A·β` 1க்கு மேல் இருந்தால் பெருக்கி தானாகவே அலையடிக்கும். எப்போது அப்படி ஆகும் என்று 1932இல் கணக்காகச் சொன்னவர் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பொறியாளர் ஹாரி நைக்விஸ்ட். 15 ஹெர்ட்ஸிலேயே கெயின் சரியத் தொடங்குவதும் இதற்காகத்தான்: ஐசிக்குள் ஒரு சின்னக் கெபாசிட்டரை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள்.

வெளிவாயிலிருந்து கிரவுண்டுக்கு நேராக 10 நானோஃபாரட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது கூடுதல் தாமதம் சேர்ப்பதால் சர்க்யூட் துடிக்கத் தொடங்கும் வாய்ப்பு அதிகம். காதுக்கு எட்டாத அதிர்வெண் என்பதால் எதுவும் கேட்காது. உள்ளீடு இல்லாதபோதும் டிரான்சிஸ்டர் சூடாவது, பேட்டரி சீக்கிரம் தீர்வது, பக்கத்தில் ஏஎம் ரேடியோ வைத்தால் இரைச்சல் வருவது, இவைதான் அடையாளம். நீளமான ஷீல்டு கேபிளும் இப்படிப்பட்ட ஒரு கெபாசிட்டர்தான். அதனால் வெளிவாய்க்கும் கேபிளுக்கும் நடுவே 100 ஓம் போடுங்கள். பின்னூட்ட வயர் மட்டும் அந்த 100 ஓமுக்கு முன்னாலேயே, எமிட்டர்கள் சேரும் இடத்திலேயே இருக்கட்டும்.